மாடியில் பத்து நிமிடம்: பெண் பார்க்கப் போகும் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெண் பார்க்கப் புறப்படும் தம்பிகளுக்கு,

திருச்சியில் ஒரு சிறிய திருமணத் தகவல் நிலையம் நடத்தி வருகிறவள் எழுதுகிறேன். ஜாதகம் பொருந்தி, பயோடேட்டா கைமாறி, போட்டோவுக்குத் தலையாட்டி, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் போனில் பேசி முடித்த பிறகுதான் நீங்கள் காரில் ஏறுகிறீர்கள். அங்கே கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆனதும் யாராவது ஒரு பெரியப்பா, "ரெண்டு பேரும் ஏதாவது பேசணும்னா பேசிக்கட்டுமே" என்பார். எங்கள் காலத்தில் பல வீடுகளில் இந்தப் பேச்சே எழாது. இப்போது அதுவும் ஒரு சடங்காகிவிட்டது. மாடிக்கோ, கொல்லைப்பக்கத்துக்கோ, கோவிலில் வைத்துப் பார்த்தால் பிரகாரத்தின் ஓரத்துக்கோ இருவரையும் அனுப்புகிறார்கள். பத்து நிமிடத்தில் நீங்கள் இறங்கி வருவீர்கள். அம்மா கண்ணாலேயே கேட்பார். "அமைதியான பொண்ணும்மா, எனக்கு ஓகே" என்பீர்கள்.

அந்த "அமைதியான பொண்ணு" என்பதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். நீங்கள் பார்த்துவிட்டு வந்தது அவளுடைய குணத்தையா, அந்த மாடியையா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

மாடி தனி இடம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பெண்ணுக்கு அது அப்படி இல்லை. படிக்கட்டில் தம்பியோ சித்தி மகளோ உட்கார்ந்திருப்பார்கள். கதவு சாத்தியிருக்காது. பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போடும் சாக்கில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். இது போதாதென்று, காலையிலிருந்தே அவளுக்கு வகுப்பு நடந்திருக்கும். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு", "சம்பளத்தைப் பத்தி நீயா பேச்சை எடுக்காத", "போன தடவை மாதிரி வாயக் குடுத்து வைக்காத." நீங்கள் இறங்கிப்போன அடுத்த நிமிடம் சமையலறையில் விசாரணை ஆரம்பித்துவிடும்: அவர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய், அதற்கு அவர் முகம் எப்படி இருந்தது? உங்கள் காரிலும் இதே விசாரணைதான். மாடியில் அவள் சொல்கிற ஒவ்வொரு வாக்கியமும் அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு வீடுகளில், இரண்டு விதமாக, அவள் இல்லாத இடத்தில் திரும்பச் சொல்லப்படும். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். "எனக்கு ஓசூர் வரப் பிடிக்கல" என்று சொன்னால் அது "பொண்ணு இப்பவே கண்டிஷன் போடுது" என்று போய்ச் சேரும். "ம்" என்று சொன்னால் அதைத் திரித்துச் சொல்ல யாராலும் முடியாது. கூச்சம் என்று நீங்கள் எடுத்துக்கொள்வதில் பாதி இந்தக் கணக்குதான்.

ஆகவே அந்தப் பதில்களை எடை போடும்போது, கேள்வி கேட்ட உங்களுக்கு மட்டும் வந்த பதில்களாக அவற்றை எடுத்துக்கொள்ளாதீர்கள். படிக்கட்டில் இருப்பவருக்கும், சமையலறைக்கும், உங்கள் அம்மாவுக்கும் சேர்த்துத்தான் அவள் பேசியிருக்கிறாள்.

உங்களுக்கு இந்த மறைமொழி தெரியாது என்று சொல்ல மாட்டேன். நம் குடும்பங்கள் இதில் பண்டிதர்கள். "வீட்டுக்குப் போய் கலந்து பேசிட்டு சொல்றோம்" என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்தால், அவர்கள் தெரு முனை தாண்டுவதற்குள் பெண்ணின் அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிடும். "ஜாதகத்தை இன்னொரு இடத்துல காட்டிட்டு வரோம்" என்றாலும், "பையன் இன்னும் ஒரு வருஷம் போகட்டுங்கறான்" என்றாலும் யாரும் அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வதில்லை. "இல்லை" என்ற சொல்லே வாயில் வராமல் ஒரு சம்பந்தத்தை முறிக்கவும், முறிந்துவிட்டது என்று மரியாதையாகப் புரிந்துகொள்ளவும் நமக்குத் தெரியும். பெரியப்பாவின் மழுப்பலை இவ்வளவு நுட்பமாகப் படிக்கிற அதே வீட்டில், இருபத்தாறு வயதுப் பெண் "பாக்கலாம்" என்று சொன்னால் மட்டும் அது "சரி" என்று பதிவாகிறது. எனக்குப் புரியாதது இதுதான்.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. மனிதர்களின் பேச்சே அப்படித்தான் ஓடுகிறது. நெதர்லாந்தில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பத்து மொழிகளில் சாதாரண உரையாடல்களை ஒலிப்பதிவும் ஒளிப்பதிவும் செய்து, ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்விகளுக்கு எவ்வளவு நேரத்தில் பதில் வருகிறது என்று அளந்து 2009-ல் வெளியிட்டார்கள். கேள்வி முடிந்து பதில் தொடங்கும் இடைவெளி, மொத்தமாகப் பார்த்தால், சராசரியாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒத்துக்கொள்கிற பதில்கள் விரைவாக வந்தன. மறுக்கிற பதில்கள் தாமதமாக வந்தன. 1999-ல் பிரிட்டனில் செலியா கிட்சிங்கர், ஹன்னா ஃப்ரித் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையே வேறு பக்கத்திலிருந்து சொன்னார்கள். அன்றாட வாழ்வில் பெரும்பாலும் யாரும் "முடியாது" என்று வெட்டி மறுப்பதில்லை. ஒரு தயக்கம், ஒரு இழுவை, ஒரு சாக்கு, இவற்றாலேயே மறுக்கிறார்கள், கேட்பவர்களுக்கும் அது புரிகிறது. அதனால் "அவள் தெளிவாகச் சொல்லவில்லையே, எனக்கு எப்படித் தெரியும்" என்பது அவ்வளவு சுலபமாகச் செல்லுபடியாகிற சாக்கு இல்லை என்பது அவர்கள் வாதம்.

இதைப் படித்துவிட்டு மாடியில் நீங்கள் வினாடி எண்ண ஆரம்பித்துவிடக் கூடாது. அறிமுகமில்லாத ஆண் முன்னால், புதுப்புடவையில், படிக்கட்டில் காதுகள் இருக்க, எல்லாப் பதிலுமே தாமதமாகத்தான் வரும். தயக்கத்தை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது. எந்தக் கேள்விக்கு அவள் சாதாரணமாகப் பேசினாள், எந்தக் கேள்விக்குச் சுருங்கினாள் என்கிற வித்தியாசத்தை வைத்துத்தான் ஏதாவது சொல்ல முடியும். ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஊரையும் வேலையையும் மாற்றியிருக்கிறேன், பேச்சை மாற்றவில்லை.

முசிறிப் பக்கம் ஒரு வீடு. பெண் எம்.எஸ்ஸி., பி.எட்., தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். தம்பிக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை. நானும் உடன் போயிருந்தேன். மாடியிலிருந்து இறங்கி வந்த தம்பியின் முகத்தில் சந்தோஷம். திரும்பும்போது காரில் அம்மாவிடம் சொன்னார்: "ஓசூர் ஓகேன்னுட்டாங்க. வேலைக்குப் போறதப் பத்தியும் பிரச்சினை இல்ல. வீட்ல சொன்னா சரின்னுட்டாங்க." மூன்று கேள்வி, மூன்று சம்மதம். அம்மா அப்போதே வண்டியைத் திருப்பி, கையோடு பூ வைத்துவிட்டு வந்துவிடலாம் என்றார். நல்லவேளையாக ராகுகாலம் குறுக்கே வந்தது.

நான் தம்பியிடம், சுருக்கிச் சொல்ல வேண்டாம், நீங்கள் கேட்டதையும் அவள் சொன்னதையும் வார்த்தை மாறாமல் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு ஞாபகசக்தி நன்றாக இருந்தது. பேச்சு இப்படிப் போயிருக்கிறது.

"ஸ்கூல்ல எந்த கிளாஸ் எடுக்கறீங்க?"

"லெவன்த், ட்வெல்த். இந்த வருஷம் டென்த்தும் குடுத்துட்டாங்க, பேப்பர் திருத்தவே நேரம் சரியா இருக்கு."

"கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போற ஐடியா இருக்கா?"

"பாக்கலாம்."

"ஓசூர் ஓகேதானே? நல்ல க்ளைமேட்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "ம்."

"என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?"

"இல்ல, ஒண்ணுமில்ல." உடனே, "நீங்க ஷிஃப்ட்டா, ஜெனரலா?"

தம்பி தன் ஷிஃப்ட் முறை, கம்பெனி பஸ், இரவுப்பணிப் படி எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லியிருக்கிறார். கடைசியாக:

"உங்களுக்கு சம்மதம்தானே?"

"வீட்ல சொன்னா சரி."

முதல் பதிலைப் பாருங்கள். வகுப்பு எது என்று மட்டும்தான் கேட்டார். அவள் வகுப்பைச் சொல்லி, கேட்காத ஒரு குறையையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். அவள் சாதாரணமாகப் பேசுகிற அளவு அது. பேச வராத பெண் இல்லை. புதியவர் முன்னால் தலைமையாசிரியரைப் பற்றி லேசாக முணுமுணுக்கிற துணிச்சல்கூட இருக்கிறது. அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு அடுத்த இரண்டு பதில்களைப் பார்த்தால் சட்டென்று ஏதோ மாறியிருப்பது தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு வேலை என்றதும் ஒரே வார்த்தை. ஓசூர் என்றதும் அதுகூட இல்லை. நான்காவது கேள்வியில் மறுபடி ஒரு மலர்ச்சி: ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அவளாகவே ஒரு கேள்வி கேட்கிறாள். மாப்பிள்ளையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்ட பெண், அவர் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்று கணக்குப் பார்ப்பது அபூர்வம். ஆகவே சுருக்கம் தம்பியைப் பற்றியது இல்லை, வேலையும் ஊரும் சேர்ந்த ஏதோ ஒன்றைப் பற்றியது என்று எனக்குத் தோன்றியது.

இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். "ஓசூர் ஓகேதானே, நல்ல க்ளைமேட்" என்று கேட்டால் அதில் அவளுக்கு என்ன இடம் இருக்கிறது? பதிலையும் காரணத்தையும் நீங்களே வைத்துவிட்டீர்கள். அதற்கு மேல் அவள் "இல்லை" என்றால், ஊரை மட்டுமல்ல, உங்கள் பேச்சையும் மறுத்தவளாக ஆகிவிடுவாள். "சம்மதம்தானே" என்பதும் அப்படியே. தலையசைக்க மட்டும் இடம் விட்ட கேள்விக்குத் தலையசைப்பு வந்தது. அதில் தகவல் ஏதும் இல்லை.

"வீட்ல சொன்னா சரி" என்பதைத் தம்பி அடக்கமான சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். சில வீடுகளில் அது உண்மையாகவே சம்மதம்தான்; அப்பாவோடு முன்பே பேசி முடித்த பெண் அதைச் சிரித்துக்கொண்டே, கொஞ்சம் வேகமாகச் சொல்வாள். வேறு சில வீடுகளில் அது, முடிவு எடுக்கும் இடத்தில் நான் இல்லை என்கிற நேரான செய்தி. சொற்களை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஒன்றைக் கவனிக்கலாம்: வீட்டைத் தள்ளிவைத்துவிட்டு, சின்ன விஷயம் ஒன்றில் அவள் விருப்பத்தைக் கேட்டால் என்ன ஆகிறது? "நிச்சயத்த வீட்லயே வச்சுக்கலாமா, மண்டபமா, உங்களுக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டால், முதல் வகைப் பெண்ணிடம் ஒரு கருத்து இருக்கும். இரண்டாம் வகைப் பெண் அதற்கும் "வீட்ல சொல்றதுதான்" என்பாள். தன் கல்யாணத்தில் ஒரு பூமாலையின் நிறத்தைக்கூடத் தேர்ந்தெடுக்க மனமில்லாத பெண்ணிடம் கல்யாணத்துக்கே மனமிருக்கிறதா என்று நின்று யோசிக்க வேண்டும்.

முசிறிக் கதை முடியவில்லை. இரண்டு நாள் கழித்து இரண்டு வீட்டுக்கும் சொல்லி, தம்பியை ஒரு முறை போனில் பேச வைத்தேன். போனில் பேசினால் படிக்கட்டு இருக்காது. பெண் பள்ளிக்கூடம் விட்டு பஸ்சுக்கு நிற்கிற நேரமாகப் பார்த்துக் கூப்பிடச் சொன்னேன். சம்மதமா என்று கேட்க வேண்டாம், "இப்ப நீங்க பண்ணிட்டிருக்கறதுல, ஓசூர் வந்தா எது நின்னு போகும்?" என்று மட்டும் கேளுங்கள் என்றேன். இதற்கு "ம்" என்று பதில் சொல்ல முடியாது. ஏதோ ஒன்று நின்றுபோகும் என்று கேட்பவரே ஒத்துக்கொண்டுவிட்டதால், அவள் சொல்வது கண்டிஷனாகவும் ஆகாது.

அவள் பேசினாள். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுகலை ஆசிரியர் தேர்வுக்குச் சனி, ஞாயிறில் திருச்சிக்கு வந்து படித்துக்கொண்டிருக்கிறாள். அப்பாவுக்குத் தெரியும், ஆனால் "கல்யாணம் ஆனப்புறம் அங்கேருந்து எழுதிக்கலாம்" என்று பேச்சை முடித்துவிட்டார். புது வீட்டில், புது ஊரில், ஷிஃப்ட் வேலைக்காரருக்கு நேரத்துக்குச் சமைத்துக்கொண்டு அது நடக்காது என்று அவளுக்குத் தெரியும். ஷிஃப்ட்டா ஜெனரலா என்று கேட்டது அதற்காகத்தான். தேர்வு எழுதி வேலை கிடைத்தால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இடம் கேட்பதில் அவளுக்கு மறுப்பே இல்லை. ஆக, ஓசூருக்குச் சொன்ன "ம்" ஒரு மறுப்பு. ஆனால் அது ஊருக்கான மறுப்பு இல்லை, நாளுக்கான மறுப்பு. இதை நானும் எதிர்பார்க்கவில்லை. மாடிப் பேச்சிலிருந்து எங்கே சுருங்குகிறாள் என்று கண்டுபிடிக்கலாம். ஏன் என்று அவளாகச் சொன்னால்தான் உண்டு.

தை என்றிருந்ததை வைகாசிக்குத் தள்ளலாமா என்று தம்பி வீட்டில் கேட்டார். அம்மா ஒப்பவில்லை, தங்கைக்கும் வரன் பார்க்க வேண்டியிருந்தது. சம்பந்தம் அங்கேயே நின்றது. அந்த அம்மா இன்னும் என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இருக்கட்டும்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். அமைதியைச் சம்மதம் என்று படிப்பவர்களை விட, அமைதிக்குள் துப்பறியப் புறப்படுகிறவர்கள் எனக்கு அதிக பயத்தைத் தருகிறார்கள். அவள் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை, போனைக் கையிலேயே வைத்திருந்தாள், கண் கலங்கியிருந்தது, ஆகவே "வேற யாரையோ மனசுல வச்சிருக்கா" என்று முடிவுக்கு வந்துவிடுவார்கள். முதல்நாள் இரவு தூங்காததால், விரதத்தால், அப்பாவின் கடனை நினைத்ததால், அல்லது ஐந்தாவது முறையாக இதே புடவையில் இதே மாடியில் நிற்பதால்கூடக் கண் கலங்கும். ஒரு பார்வைக்கு நூறு காரணம் இருக்கும்போது ஒன்றைத் தேர்ந்தெடுப்பது உங்கள் கற்பனை மட்டுமே.

அதைவிட மோசம், மாடியிலேயே "உண்மையச் சொல்லுங்க, நீங்க யாரையாவது விரும்பறீங்களா?" என்று கேட்பது. உங்கள் பக்கத்தில் அது நல்லெண்ணமாக இருக்கலாம். அவள் பக்கத்திலிருந்து யோசியுங்கள். இல்லையென்றால் "இல்லை" என்பாள், அதை நீங்கள் நம்புவீர்களோ மாட்டீர்களோ. ஆமென்றால், முன்பின் தெரியாத ஒருவரிடம் தன் உயிரைக் கொடுக்கிற விஷயமாகக்கூட அது ஆகலாம். 2016-ல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் நடந்த ஆணவக் கொலையை இந்த மாநிலம் மறந்திருக்காது. நீங்கள் நல்லவராகவே இருந்தாலும், காரில் உங்கள் அம்மாவிடம் சொல்வீர்கள், அம்மா தரகரிடம் சொல்வார், தரகர் பெண்ணின் மாமாவிடம் சொல்வார். அந்தக் கேள்வி வேண்டாம். அவளுக்குக் காதல் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமையும் இல்லை, அவசியமும் இல்லை. இந்தக் கல்யாணத்துக்கு அவளுக்கு விருப்பமிருக்கிறதா என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

தெளிவாகச் சொன்னாலும் காதில் விழாத ஆண்கள் உண்டு என்பதற்கு நம் சினிமாவே சாட்சி. 1986-ல் வந்த 'மௌன ராகம்' படத்தில் திவ்யா பெண் பார்க்கும் நேரத்துக்கு வேண்டுமென்றே வராமல் மழையில் ஆடிவிட்டுத் தாமதமாக வீடு திரும்புவாள். காத்திருந்த மாப்பிள்ளையிடம் தனியே, தன் குறைகளையெல்லாம் தானே அடுக்கித் தன்னைப் பிடிக்காமல் போகச் செய்யப் பார்ப்பாள். அவர் அதையே நேர்மை என்று எடுத்துக்கொண்டு, அதனாலேயே பிடித்திருக்கிறது என்பார். அப்புறம் அப்பாவுக்கு நெஞ்சுவலி, அம்மாவின் மன்றாடல், கல்யாணம். படம் பார்க்கும்போது மாப்பிள்ளையாக வரும் மோகனின் பொறுமையை எல்லோரும் மெச்சுவார்கள், நானும் மெச்சியிருக்கிறேன். இந்த வேலைக்கு வந்த பிறகு எனக்கு அந்த முதல் சந்திப்புதான் கண்ணில் நிற்கிறது. ஒரு பெண் வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரம் அவள் போயிருக்கிறாள். அதைத் தன் அதிர்ஷ்டமாகக் கேட்டது அவர் காது.

அப்பாவின் உடம்பு இதில் வருவது தற்செயல் இல்லை. பெண்ணின் சம்மதம் எங்கே வாங்கப்படுகிறது என்று கேட்டால், மாடியில் இல்லை, நீங்கள் கிளம்பிப் போன அன்று ராத்திரிதான். "அப்பாவுக்கு பிரஷர் இருக்கு", "உனக்கப்புறம் தங்கச்சி இருக்கா", "இதுக்கு மேல நல்ல இடம் வராது." மறுநாள் காலை "பொண்ணுக்குப் பூரண சம்மதம்" என்று எனக்குப் போன் வரும். இந்து திருமணச் சட்டம், 1955-ன் 12-வது பிரிவு, வற்புறுத்தியோ ஏமாற்றியோ பெறப்பட்ட சம்மதத்தில் நடந்த கல்யாணத்தை ரத்து செய்யக் கோர வழிவிடுகிறது. ஆனால் வற்புறுத்தல் நின்ற ஓராண்டுக்குள் மனு போட வேண்டும், அதற்குப் பின் மனமுவந்து சேர்ந்து வாழ்ந்திருக்கவும் கூடாது. அம்மாவின் கண்ணீரையும் அப்பாவின் பிரஷரையும் வற்புறுத்தல் என்று எந்தப் பெண் ஓராண்டுக்குள் கோர்ட்டில் போய்ச் சொல்வாள்? சட்டம் எட்டாத இடம் அது. அந்த ராத்திரிக்கு முன்னால் அவளிடம் பேசுகிற வெளியாள் நீங்கள் ஒருவர்தான்.

ஆகவே மாடியில் பத்து நிமிடம் கிடைத்தால் முதல் பாதியை உங்களைப் பற்றிச் சொல்லச் செலவழியுங்கள், அதிலும் உங்களுக்குச் சாதகமில்லாததை. சம்பளத்தில் எவ்வளவு வீட்டுக்கடனுக்குப் போகிறது, அம்மா உங்களோடுதான் இருப்பார்களா, மாதத்தில் எத்தனை ராத்திரி வீட்டில் இருக்க மாட்டீர்கள். குறையைச் சொல்வது இங்கே தப்பில்லை என்று அவளுக்கு அதிலிருந்துதான் தெரியும். பிறகு அவள் நாளைப் பற்றிக் கேளுங்கள், விருப்பத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். எத்தனை மணிக்குக் கிளம்புகிறாள், பஸ் எப்படி, லீவு நாளில் என்ன செய்வாள். எவ்வளவு நீளமாகப் பேசுகிறவள் என்பது அதில் தெரிந்துவிடும். ஊர், வேலை, கூட்டுக்குடும்பம் பற்றியதையெல்லாம் அதன் பிறகு, தலையசைத்துத் தப்பிக்க முடியாத மாதிரி கேளுங்கள். சுருங்கினால் அங்கேயே தோண்ட வேண்டாம். நினைவில் வைத்துக்கொண்டு போனுக்கு ஒதுக்குங்கள். ஒரு கேள்விக்கு அவள் பதில் சொல்லாமலிருந்தால் நீங்களே நிரப்பாமல் சற்றுப் பொறுங்கள். நம்மில் பலர் அந்தக் காலி இடத்தைத் தாங்க முடியாமல் "க்ளைமேட் நல்லா இருக்கும்" என்று கொட்டிவிடுகிறோம்.

அப்படியே நீங்களும் ஊமையாக இருக்காதீர்கள். அம்மாவுக்காக வந்து நின்று, கேட்டதற்கெல்லாம் "உங்க இஷ்டம்" என்கிற மாப்பிள்ளைகளையும் பார்க்கிறேன். அந்தப் பெண்ணும் வீட்டில் போய் "ரொம்ப அமைதியானவர்" என்றுதான் சொல்கிறாள்.

கீழே இறங்கி வந்ததும் கூடத்தில் எல்லோர் முன்னாலும் "எனக்குப் பிடிச்சிருக்கு" என்று அறிவித்துவிடாதீர்கள். அது பெருந்தன்மை போலத் தெரியும். அடுத்த நொடி பதினைந்து முகங்களும் அவள் பக்கம் திரும்பும், "பையனுக்குப் பிடிச்சிருக்காம், நீ என்னம்மா சொல்ற?" அதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது. கிளம்பும் முன் அம்மாவிடமும் இதைச் சொல்லிவையுங்கள்: பூவும் தட்டும் காரிலேயே இருக்கட்டும், இரண்டு நாள் கழித்துத் தகவல் சொல்லலாம். அந்த இரண்டு நாளைக்குள் ஒரு போன்.

மாடியை விட்டு இறங்கும் முன் அவளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள், பதில் எதிர்பார்க்காமல்: "உங்களுக்கு இது வேண்டாம்னா போன்ல ஒரு வார்த்தை சொன்னா போதும். காரணம் கேக்க மாட்டேன். எங்க பக்கத்துலேருந்து வேண்டாம்னு சொன்னதா இருக்கட்டும்." இதற்கு அவள் தரும் விலையும் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் மறுத்தால் தெருவில் "இன்னொருத்தரும் பாத்துட்டுப் போயிட்டாங்க" என்று அவள் கணக்கில்தான் எழுதுவார்கள். அதனால் மறுக்கும்போது காரணத்தை அவள் மேல் விழாமல் சொல்லுங்கள். நிறம், படிப்பு, வயது, பொருத்தம், எதையும் தொட வேண்டாம். "பையனுக்கு வெளிமாநிலத்துக்கு மாற்றல் வரும்போல இருக்கு, இப்போதைக்குத் தள்ளிப்போடறோம்" என்பது போல ஏதாவது, இரண்டாம் நாளே, இழுத்தடிக்காமல் சொல்லிவிட வேண்டும். தரகரிடமும் என்னைப் போன்றவர்களிடமும் அதே காரணத்தையே சொல்லுங்கள். உண்மையை எங்களிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னால், எங்கள் வாய்வழியாகத்தான் அது அவள் அப்பா காதுக்குப் போய்ச் சேரும்.

அன்புடன்,
திருச்சியிலிருந்து ஒரு தகவல் நிலையத்துக்காரி